அமரவிளையில் ஏறுகிறவளுக்கு ஓரிடம்

“…அதுனால நான் இல்லேன்னு சொன்னது நீ கேட்டதுக்காக்கும், எனக்க சீட்டுக்கு இல்லே. இதுகூடத் தெரியாத மண்டனாலே நீ?”

திருவனந்தபுரம் ஸ்டேஷனில், சாயங்கால வண்டி பிளாட்பாரத்துக்குள் ஊர்ந்து வந்துகொண்டிருந்த நேரத்தில் அவள் இதைச் சொன்னாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கவுண்டரில் வயதானவர்களிடம் “இப்பம் தெளிவா தெரியுதா?” என்று கேட்பாளே, அந்தக் குரலில் சொன்னாள்.

நான் பாறசாலையில் ஏறுகிறவன். அவள் அமரவிளையில் ஏறுகிறவள். நாகர்கோவிலிலிருந்து வரும் காலைப் பாசஞ்சர்தான் எங்கள் வண்டி. எனக்குச் சாலைக் கம்போளத்தில் ஒரு துணிக்கடையில் புடவை விரித்துக் காட்டும் வேலை. அவளுக்கு ஒரு கண் ஆஸ்பத்திரியில் மூக்குக்கண்ணாடி கவுண்டர். பிளஸ் டூவில் ஒரே வகுப்பில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். பிறகு அவள் மேலே படித்தாள், நான் கடைக்குப் போனேன். வண்டி எங்களைத் திரும்பவும் சேர்த்து வைத்தது.

அமரவிளை சின்ன நிறுத்தம். வண்டி அங்கே நிற்கிறது என்று சொல்வதைவிட, நின்றாற்போல் காட்டிவிட்டுப் போகிறது என்று சொல்லலாம். அங்கே ஏறுகிறவர்களுக்கு உட்கார இடம் கிடைக்காது. அதனால் முன்னால் ஏறும் கூட்டுக்காரர், அதாவது சிநேகிதர், யாராவது பக்கத்து இடத்தில் கைக்குட்டை விரித்து வைப்பார்கள். “கர்ச்சீப்பு விரிச்ச இடத்துல மந்திரி வந்தாலும் நிக்கணுமாக்கும்” என்பது எங்கள் பெட்டியில் சீட்டு விளையாடும் அண்ணன் ஒருவரின் சட்டம். அந்தச் சட்டப்படி என் பக்கத்து இடம் வருஷக்கணக்கில் அவளுடையது. பாறசாலையில் ஏறியதும் நான் முதலில் செய்வது கைக்குட்டையை விரிப்பது. பிறகுதான் உட்காருவேன். பெட்டியில் எல்லோருக்கும் அது தெரியும். புதிதாக யாராவது உட்காரப் போனால் நான் வாய் திறப்பதற்குள் வேறு யாராவது “அவிட ஆளுண்டு” என்று மலையாளத்தில் சொல்லிவிடுவார்கள்.

நாங்கள் வீட்டில் தமிழ் பேசி, பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவர்கள். தமிழ் எழுத்தை நானாகவே கற்றேன். துணி பொதிந்து வரும் பழைய காகிதங்களிலும், களியக்காவிளைக்கு அந்தப் பக்கமிருந்து வரும் பஸ் போர்டுகளிலும் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். அப்படி வந்த மொழி என்பதாலோ என்னவோ, யாராவது ஒரு சொலவடை சொன்னால் எனக்கு நூறு ரூபாய் தாள் கீழே கிடந்து எடுத்தது போல இருக்கும். அவளிடம் ஓடிப்போய்ச் சொல்வேன். அவள் நெற்றியைச் சுருக்கி, “இதை நீயே உண்டாக்கினதில்லியா?” என்பாள். பாதி நான் உண்டாக்கியதுதான். எது எந்தப் பாதி என்று அவளுக்கு எப்போதும் தெரிந்துவிடும்.

எப்போது மனசு மாறியது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பலாக்காய் எப்போது பழமாகிறது என்று மரத்தைக் கேட்டால் தெரியுமா? ஒருநாள் வாசனை வரும். அவ்வளவுதான்.

ஆனால் வாசனை வந்த நேரம் நல்ல நேரமாக இல்லை. அவளுக்கு வேறு ஒருவரோடு இருந்த பேச்சு அப்போதுதான் முறிந்திருந்தது. காலையில் ஏறியதும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவாள். நான் அவளுடைய சோற்றுப் பையை மடியில் வைத்துக்கொண்டு மற்றவர்கள் பார்க்காதபடி கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்காருவேன். அந்த நாட்களில் நான் கேட்டிருந்தால் அவள் சரி என்றுகூடச் சொல்லியிருப்பாள். தண்ணீரில் தத்தளிக்கிறவர் எந்தக் கொம்பையும் பிடிப்பார். அது கொம்பின் மேல் உள்ள ஆசையால் அல்ல. அவள் சிரிக்கத் தொடங்கி, அந்த ஆளின் பெயரைத் தானே கேலி செய்யத் தொடங்கி, அதற்குப் பிறகும் ஒரு மழைக்காலம் போகட்டும் என்று காத்திருந்தேன்.

காத்திருந்த காலத்தில் வேறொரு வேலை செய்தேன். அவளிடம் அடையாளம் தேடினேன். ஆரஞ்சு உரித்தால் எனக்குப் பாதி தருவாள். பிறகு பார்த்தால் எதிரில் இருக்கும் நர்ஸ் அக்காவுக்கும் பாதி போகும். நான் சொல்வதற்கெல்லாம் சிரிப்பாள். சீட்டு விளையாடும் அண்ணன் சொல்வதற்கும் சிரிப்பாள். என் முதலாளி அடிக்கடி சொல்வார், “புடவையைத் தடவிப் பாக்குறவ எல்லாம் வாங்குறவ இல்லே. தடவாம நிக்குறவளும் வாங்காதவ இல்லே. கேட்டாத்தான் தெரியும்.” துணிக்கடையில் எத்தனையோ வருஷம் கேட்ட வார்த்தை. எனக்காகச் சொன்னது என்று அப்போதுதான் பட்டது.

கேட்பது என்று முடிவானதும் என் அக்காளிடம் சொன்னேன். அவளை ஆரியங்கோட்டில் கட்டிக்கொடுத்திருக்கிறது. ரப்பர் பாலில் உறை ஊற்றிவிட்டுத்தான் என்னோடு பேச உட்காருவாள்.

“எலே, இதுக்கா இத்தற மொகத்தைத் தூக்கி வச்சிருக்கே? நான் ஞாயிற்றுக்கெழமை போயி அவளுக்க அம்மைகிட்டே பொண்ணு கேட்டுட்டு வாறேன். அவ அம்மைக்கு உன்னை ரெம்ப இஷ்டம்.”

“அக்கா, அதைத்தான் செய்யாண்டாம்னு சொல்ல வந்தேன்.”

“ஏன், குறைச்சலா? நாங்க போயி கேட்டா மரியாதை. நீ போயி கேட்டா வம்பு.”

எங்கள் பக்கத்தில் ‘கேட்பது’ என்றால் அதுதான். ஆளை விட்டுக் கேட்பது. மூத்தவர் ஒருவர், ஒரு பொதி பலகாரம், நல்லதாக ஒரு சேலை. பிள்ளைகளுக்குக் கடைசியில் தெரிந்தால் போதும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் தடை சொல்ல ஒன்றுமே இல்லை. அதுதான் எனக்குப் பயம். தடை இருந்தால் அவள் அதன் பின்னால் ஒதுங்கி நிற்கலாம். எல்லோரும் சம்மதம் என்று தலையாட்டிக்கொண்டு நிற்கும் வீட்டில் அவள் ஒருத்தி ‘எனக்கு வேண்டாம்’ என்று சொன்னால், அந்த வார்த்தைக்கு நிற்க இடமே இராது. “அவனுக்கு என்ன குறை?” என்று அவள் அம்மா ஒவ்வொரு நாளும் கேட்பாள். குறை எதுவும் சொல்ல முடியாமல் அவள் என்னை வெறுக்கத் தொடங்குவாள்.

அக்காளிடம் இதைச் சொன்னேன். அவள் கையில் ஒட்டிய ரப்பர் பாலை உருட்டி உருட்டி எடுத்துக்கொண்டே கேட்டாள். பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

“எனக்கிட்டே யாரும் கேக்கல்ல மக்கா. அப்பம் நீயே கேளு. ஆனா ஒண்ணு. வீட்டுக்கு ஆள் வந்தா பாய் போடுவோம் இல்லியா? அவ ‘உண்டு’ன்னு சொன்னா இருக்க ஒரு பாய் போட்டு வச்சிருப்பே. ‘இல்லே’ன்னு சொன்னா அதுக்கும் ஒரு பாய் போட்டு வச்சுட்டுக் கேளு.”

இது அக்காளே உண்டாக்கியது. எனக்குத் தெரியும். ஆனால் என்னிடம் உள்ள எல்லாச் சொலவடைகளிலும் இதுதான் கனமானது.

‘இல்லை’க்குப் பாய் போடுவது எப்படி என்று யோசித்தேன். வண்டியில் கேட்கக் கூடாது. ஓடுகிற வண்டியில் அவள் எழுந்து எங்கே போவாள்? பெட்டி முழுக்கக் காது வேறு. காலையில் கேட்கக் கூடாது. பகல் முழுக்க அவள் அடுத்தவர் கண்ணை அளக்க வேண்டும். பிறந்தநாள், கிறிஸ்துமஸ், ஓணம் எதுவும் கூடாது. பிறகு வருஷா வருஷம் அந்த நாள் வரும்போதெல்லாம் அது அவளை உறுத்தும். பரிசு வேண்டாம். கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டுக் கேட்டால், வேண்டாம் என்று சொல்லும்போது அவள் இரண்டைத் திருப்பித் தர வேண்டியிருக்கும். வாட்ஸ்ஆப்பில் எழுதிப் பார்த்தேன். நீலக் கோடு விழுந்த பிறகு பதில் வராத நேரத்தை என்னால் தாங்க முடியாது என்று அழித்தேன். கோழைத்தனம்தான். ஆனால் வேறொன்றும் உண்டு. இத்தனை வருஷம் முகம் பார்த்துப் பேசியவளிடம் இதை மட்டும் முகம் பார்க்காமல் கேட்பது சரியாகப் படவில்லை.

கடைசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பாறசாலைக்குப் போகாமல் அவளோடு அமரவிளையிலேயே இறங்கினேன். மறுநாள் ஞாயிறு. இரண்டு பேருக்கும் வண்டி இல்லை. ஒருவர் முகத்தில் ஒருவர் விழ வேண்டாம். ரோட்டோரம் ஒரு சாயாக்கடை. அவளுடைய ஸ்கூட்டர் அதன் பக்கத்தில்தான் நிற்கும். எப்போது வேண்டுமானாலும் சாவியைத் திருப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். வெளிச்சம் இருந்தது. பக்கத்தில் கேட்கும் தூரத்தில் யாரும் இல்லை.

“நீ என்னத்துக்கு இங்க எறங்கினே? உனக்க வீட்டுல சாயா இல்லியா?” என்றாள்.

“ஒரு காரியம் கேக்கணும். கேட்டுட்டு நான் பஸ்ஸுல போயிருவேன். நீ இப்பமே பதில் சொல்லணும்னு இல்லே.”

அவள் சாயாவைக் கீழே வைத்தாள். நான் வழியெல்லாம் சேர்த்து வைத்த சொலவடை ஒன்றுகூட வாயில் வரவில்லை. அதுவும் நல்லதுதான். சுற்றி வளைத்திருந்தால் அவளும் சிரித்துச் சுற்றி வளைத்திருப்பாள். நாங்கள் இருவரும் அதில் கைதேர்ந்தவர்கள்.

“எனக்கு உன்னை இஷ்டம். கூட்டுக்காரியா உள்ள இஷ்டம் பண்டே உண்டு. இது அது அல்ல. அடுத்த ஞாயிற்றுக்கெழமை பொழியூர் கடப்புறத்துக்கு நாம ரெண்டு பேரும் போவமா? கூட்டுக்காரங்களா அல்லாம. உனக்கு அப்படித் தோணல்லேன்னா ‘இல்லே’ன்னு ஒரு வார்த்தை போதும். ஏன்னு கேக்க மாட்டேன். திரும்பவும் கேக்க மாட்டேன். ரெண்டு வீட்டுலயும் ஆரும் உன்கிட்டே கேக்க மாட்டாங்க.”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ரோட்டைப் பார்த்தாள். ஒரு லாரி கடந்து போனது.

“எப்பந்தொட்டு?”

“தெரியல்ல.”

“நான் அழுதிட்டிருந்த சமயத்துலயுமா?”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. “அப்பமும் உண்டு. அதுனாலதான் அப்பம் கேக்கல்ல” என்றேன்.

அவள் தலையை மெல்ல ஆட்டினாள். “நாளைக்குச் சொல்லுறேன். சரியா?” ஸ்கூட்டரை எடுத்தவள் திரும்பி, “பஸ்ஸுல கவனிச்சுப் போ” என்றாள். எப்போதும் சொல்வதுதான். அன்று அதைப் பஸ் முழுக்க என்னோடு கொண்டுபோனேன். பாறசாலை வருவதற்குள் அதிலிருந்து ஒரு கல்யாணமே செய்து முடித்துவிட்டேன். மனசு அப்படி ஒரு கள்ளன்.

ஞாயிறு மத்தியானம் நான் வீட்டுக்குப் பின்னால் பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தேன். கையெல்லாம் எண்ணெயும் பசையும். போன் அடித்தது. முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினேன்.

“எலே, பக்கத்துல ஆரும் உண்டா?”

“இல்லே. சொல்லு.”

“ராத்திரி பூரா யோசிச்சேன். உன்னை எனக்கு அப்படித் தோணல்ல மக்கா. தோணுமான்னு இருந்து பாத்தேன். வரல்ல. உனக்காவ வரவச்சு உன்கூட வந்தா, ஒருநாள் அது பொய்யின்னு உனக்கே தெரியும். நீ எனக்க கள்ளத்தையெல்லாம் கண்டுபிடிப்பே. நீ நல்லவன்னு சொல்லி உன்னைச் சமாதானம் பண்ண மாட்டேன். அது உனக்குப் பிடிக்காது.”

“சரி,” என்றேன். “நேரா சொன்னதுக்கு நன்னி.” குரல் ஒழுங்காகத்தான் வந்தது.

“நீ செரியா இருக்கியா?”

“செரியாயிருவேன். கொஞ்ச நாள் ஆவும்.”

போன் அணைந்தது. அழுகை வந்தபோது கண்ணைத் துடைக்க முடியவில்லை. பலாப்பசை கண்ணில் பட்டால் அதற்கு வேறு வைத்தியம் பார்க்க வேண்டும். இரண்டு கையையும் விரித்துப் பிடித்துக்கொண்டு, யாரோ என்னைச் சுடப்போவது போல, மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். அம்மா உள்ளேயிருந்து, “சக்கை நல்ல பழமா?” என்று கேட்டாள். “நல்ல பழம்” என்றேன். அது உண்மை. அவ்வளவு தித்திப்பான பழம் அந்த வருஷம் வேறு விழவில்லை. அதை எல்லோரும் தின்றார்கள். நானும் தின்றேன்.

அதுவரை எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தேன். திங்கட்கிழமை காலையில்தான் தவறினேன்.

பாறசாலையில் கைக்குட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். விரித்தால், ‘நான் இன்னும் காத்திருக்கிறேன்’ என்று அவளை நெருக்குவது போல ஆகுமோ? பக்கத்தில் தோள் இடிக்க உட்கார அவளுக்கு இன்று மனசு வருமா? அவளுக்கு இடம் விட வேண்டும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது தப்பில்லை. அதை அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். கேட்காமல், நானே முடிவு செய்து, கடைசிப் பெட்டியில் போய் ஏறிக்கொண்டேன். என் அழுத முகத்தை மறைக்கவும் அது வசதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அமரவிளையில் அவள் எங்கள் பெட்டியில் ஏறினாள். நான் இல்லை. கைக்குட்டையும் இல்லை. அந்த இடத்தில் யாரோ முன்பின் தெரியாதவர் தூங்கிக்கொண்டிருந்தாராம். திருவனந்தபுரம்வரை அவள் நின்றுகொண்டு போனாள். பெட்டி முழுக்க அவளைப் பார்த்தது. “எந்தா, பிணக்கமாணோ?” என்று சீட்டு விளையாடும் அண்ணன் கேட்டார். செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை யாரும் கேட்கவில்லை. கேட்காதது அதைவிட மோசம். ஒரு வீட்டுக்கும் தெரியக் கூடாது என்று நான் அத்தனை காபந்து செய்த காரியத்தை, விரிக்காத ஒரு கைக்குட்டை பெட்டிக்கே சொல்லிவிட்டது.

பெட்டியிலிருந்து ஆரியங்கோட்டுக்கு எவ்வளவு தூரம்? எதிர் சீட்டு நர்ஸ் அக்காவுக்கு என் அக்காளைத் தெரியும். அன்று கடையில் சோறு தின்ற நேரத்தில் அக்காள் போனில் வந்தாள்.

“அவ இல்லேன்னு சொன்னாளா?”

“சொன்னா.”

“அவளுக்கு என்னத்தையாம் குறை? நான் அவ அம்மைகிட்டே சும்மா பேச்சுவாக்குல கேட்டுப் பாக்கட்டா?”

“அக்கா, பாய் போடச் சொன்னது நீதானே? அதுல அவ உக்காந்தாச்சு. இப்பம் பாயை இழுக்காதே.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, “சோறு தின்னியா?” என்றாள். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. “தின்னுட்டிருக்கேன்” என்றேன்.

அன்று சாயங்காலம் பிளாட்பாரத்தில் அவள் என்னைத் தேடிக்கொண்டு கடைசிப் பெட்டி நிற்கும் இடத்துக்கே வந்துவிட்டாள். காலில் புதுச் செருப்பு. மூன்று நாளும் நின்று வந்ததில் குதிகாலில் தோல் உரிந்து பிளாஸ்டர் ஒட்டியிருந்தாள்.

“இங்கதான் ஒளிஞ்சிட்டு வாறியா?”

“உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு…”

“எனக்குக் கஷ்டம்னு நான் சொன்னனா? ஏன்னு கேக்க மாட்டேன்னே. கேக்கல்ல. திரும்பக் கேக்க மாட்டேன்னே. கேக்கல்ல. வீட்டுலயும் ஆரும் கேக்கல்ல. எல்லாம் சொன்னபடி செஞ்சே. எனக்கு அது பெருசாக்கும். ஆனா இல்லேன்னு சொன்னா கூட்டையும் வெட்டிருவேன்னு மட்டும் நீ சொல்லல்லியே.”

“வெட்டல்ல. எனக்கு உன் பக்கத்துல இருக்க முடியல்ல. வலிக்குது” என்றேன். அதுவரை அவளிடம் அதைச் சொல்லவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அவள் முகம் மாறியது. “அது சொல்லணுமில்லியா?” என்றாள். “கொஞ்ச நாள் வேற பெட்டியில வாறேன், வலிக்குதுன்னு சொன்னா நான் நின்னுட்டுப் போவேன். சொல்லாமப் போனா, நீ கேட்டதுக்குத் தண்டனை எனக்கா? நான் உன்னை வேண்டாம்னு சொல்லல்ல. அதுனால நான் இல்லேன்னு சொன்னது நீ கேட்டதுக்காக்கும், எனக்க சீட்டுக்கு இல்லே. இதுகூடத் தெரியாத மண்டனாலே நீ?”

வண்டி நின்றது. மன்னிப்புக் கேட்க நான் வாய் திறப்பதற்குள் அவள் கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே ஏறிவிட்டாள். நான் பின்னால் நசுங்கி நசுங்கி வாசல்வரை வந்தேன். உள்ளே அவள் ஜன்னலோரம் இடம் பிடித்திருந்தாள். பக்கத்து இடம் காலியாக இருந்தது. அதைப் பார்த்தாள். அங்கே தன் சோற்றுப் பையை வைக்கப் போனவள் நிறுத்தி, பையை மடிக்கு எடுத்துக்கொண்டாள். ஒரு அம்மச்சி வந்து அந்தப் பக்கத்து இடத்தில் உட்கார்ந்தாள். பிறகு இவள் தன் கைக்குட்டையை எடுத்து, குனிந்து, எதிர் சீட்டில் விரித்தாள். யாரோ, “இவிட ஆளுண்டோ?” என்று கேட்டார்.

“உண்டு” என்று சொல்லிவிட்டு, நான் வந்து சேரும்வரை அதன் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.